காலியிடத்தை எந்த வரிசையில் எழுதுவது?

என்னுடன் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் ஒரு நாள் தன் நிரலைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பைனரி மரத்தைச் சரமாக எழுதிவைத்து, பிறகு அந்தச் சரத்திலிருந்தே அதே மரத்தைக் கட்டியெடுக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் மரத்தை இன்ஆர்டரில், அதாவது இடக்கிளை, கணு, வலக்கிளை என்ற வரிசையில் நடந்து, கிளை இல்லாத இடத்தில் எல்லாம் `#` போட்டிருந்தார். திரும்பக் கட்டும்போது சரத்தின் நட்டநடுவில் இருக்கும் மதிப்பை வேராக எடுத்துக்கொண்டார். வேர் 1, இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3 என்ற மரத்தில் சோதித்தபோது `# 2 # 1 # 3 #` என்று சரம் வந்தது. நடுவில் 1 இருந்தது. மரம் அப்படியே திரும்பி வந்தது. ஏழு கணுக்கள் கொண்ட நிறைமரத்திலும் வந்தது.

"ஓடுதே சார், இதுல என்ன தப்பு?" என்றார்.

ஓடியதற்குக் காரணம் அந்த மரங்களின் சமச்சீர். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் மரத்தில் வேர் நடுவில்தான் வரும். வேருக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு கணு வைத்துப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அவர் கேட்டதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருந்தது. "காலியிடங்களைக் குறித்துவைத்தால் மரம் தொலையாது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? நானும் ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறேனே" என்பதே அது. வெற்றுக்குறி போட்டால் போதும் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எந்த வரிசையில் போட்டால் அது கூலிக்கு உரிய வேலை செய்கிறது என்பதை நிறுத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

எடைக்கற்கள் மூன்று போதும். முதலாவது, ஒரு சரத்துக்கு ஒரே ஒரு மரம்தான் இருக்க வேண்டும். இது தவறினால் மற்றவற்றைப் பேசவே வேண்டாம். இரண்டாவது, அந்தக் குறிகள் பிடிக்கும் இடம் நியாயமானதா? மூன்றாவது, சரம் பாதியில் அறுந்தாலோ சிதைந்தாலோ கட்டுகிறவருக்குத் தெரியவருமா?

ஒரே மரம், நான்கு சரங்கள்

கையில் பிடித்துப் பார்க்க ஒரு மரம் வேண்டும். வேண்டுமென்றே கோணலான, 3 இரண்டு முறை வருகிற மரமாக எடுத்துக்கொள்வோம்.

```
      5
    /   \
   3     8
    \   /
    4   3
```

முதல் 3-க்கு இடக்கிளை இல்லை; 8-க்கு வலக்கிளை இல்லை; 4-க்கும் கீழே உள்ள 3-க்கும் இரண்டுமே இல்லை. ஆக ஐந்து கணுக்கள், ஆறு காலியிடங்கள். இது தற்செயல் அல்ல. `n` கணுக்களுக்கு `2n` கிளையிடங்கள் உண்டு. வேரைத் தவிர ஒவ்வொரு கணுவும் ஓர் இடத்தை நிரப்புகிறது. ஆகவே `n + 1` இடங்கள் எப்போதும் காலியாக நிற்கும். குறிகளையும் சேர்த்து எழுதினால் சரத்தின் நீளம் எந்த மரத்துக்கும் `2n + 1`. நம் மரத்துக்கு 11.

```
ப்ரீஆர்டர்     5 3 # 4 # # 8 3 # # #
இன்ஆர்டர்      # 3 # 4 # 5 # 3 # 8 #
போஸ்ட்ஆர்டர்   # # # 4 3 # # 3 # 8 5
லெவல் ஆர்டர்   5 3 8 # 4 3 # # # # #
```

நான்கிலும் அதே ஐந்து மதிப்புகள், அதே ஆறு குறிகள். நீளத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். குறி, மதிப்பு, குறி, மதிப்பு என்று தறியில் நூல் போவதுபோல மாறி மாறி வருகிறது. இந்த மரத்தில் மட்டுமல்ல, எந்த மரத்திலும் இப்படித்தான் வரும். இன்ஆர்டரில் ஒரு கணுவை எழுதியபின் அதன் வலப்பக்கம் போகிறோம். அங்கே கிளை இல்லை என்றால் உடனே ஒரு குறி விழும். கிளை இருந்தால் அதற்குள் இடக்கோடி வரை இறங்குவோம். அந்தக் கோடியில் இருப்பதும் ஒரு காலியிடம்தான். எப்படிப் போனாலும் அடுத்த மதிப்புக்கு முன்னால் சரியாக ஒரே ஒரு குறி.

அப்படியென்றால் குறி எங்கே வரும் என்பது மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே நமக்குத் தெரியும். முன்பே தெரிந்த ஒன்றை எழுதிவைப்பதால் புதிதாக எதுவும் தெரியவராது. ஐந்து கணுக்களை 42 வடிவங்களில் அடுக்கலாம். `# 3 # 4 # 5 # 3 # 8 #` என்ற சரம் அந்த 42 வடிவங்களுக்கும் பொருந்தும். இளைஞரின் நிரல் இப்படிப் பொருந்தும் வடிவங்களில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. அவர் சோதித்த மரங்கள் அந்தத் தேர்வுக்கு ஒத்துப்போயின, அவ்வளவே.

இங்கிருந்து கிடைக்கும் அளவுகோல், மற்ற மூன்று வரிசைகளையும் நிறுக்கப் பயன்படும். குறி இருக்கிறதா என்பதைக் கேட்டுப் பயனில்லை. அந்த இடத்தில் குறிக்குப் பதிலாக ஒரு மதிப்பு வந்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். வந்திருக்க முடியும் என்றால்தான் குறி ஏதோ சொல்கிறது.

ப்ரீஆர்டர்: குறி வாய் திறக்கும் இடம்

முதல் வரியை இந்தக் கேள்வியோடு படிப்போம். 5 வந்தது, அது வேர். அடுத்து வருவது 5-இன் இடக்கிளை. அங்கே 3-உம் வரலாம், குறியும் வரலாம், 3 வந்தது. அடுத்தது இந்த 3-இன் இடக்கிளை. `#` வந்ததால் இடப்பக்கம் மூடப்பட்டது. அடுத்தது அதே 3-இன் வலக்கிளை, 4 வந்தது. 4-க்கு இரண்டு குறிகள் வர, அது இலை என்று முடிவானது. அதோடு 3-உம் முடிந்து, 5-இன் இடப்பக்கம் முழுதும் முடிந்தது. அடுத்து வரும் 8 வேறெங்கும் போக வழியில்லை. 5-இன் வலக்கிளையாகத்தான் உட்கார வேண்டும். அதற்கு இடக்கிளை 3, அந்த 3-க்கு இரண்டு குறிகள், கடைசிக் குறி 8-இன் வலப்பக்கம். சரம் முடியும் இடமும் மரம் முடியும் இடமும் ஒன்றே.

எந்தப் படியிலும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 3 இரண்டு முறை வந்ததும் பிரச்சினையாகவில்லை. மதிப்பு என்னவென்று பார்த்து இடம் தீர்மானிக்கப்படுவதே இல்லை. நிரலும் இதே எளிமையோடு அமைகிறது.

```python
def save(node, out):
    if node is None:
        out.append("#")
        return
    out.append(str(node.val))
    save(node.left, out)
    save(node.right, out)

def build(it):
    t = next(it)
    if t == "#":
        return None
    node = TreeNode(int(t))
    node.left = build(it)
    node.right = build(it)
    return node
```

எழுதும்போது `",".join(out)`, படிக்கும்போது `it = iter(s.split(","))`, பிறகு `build(it)`. போலந்து தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச் 1920-களில் அடைப்புக்குறியே இல்லாமல் சூத்திரம் எழுதும் முறையை வகுத்தார். செயற்குறி முன்னால் வரும். அதற்கு எத்தனை உறுப்புகள் என்பது முன்பே தெரியும். ஆகவே அடைப்புக்குறி தேவையில்லை. நம் சரமும் அதே இனம். மதிப்பு வந்தால் இரண்டு உறுப்புகள் பின்னால் வர வேண்டும். குறி வந்தால் எதுவும் வேண்டாம்.

நடைமுறையில் இந்த நிரல் விழும் குழிகள் இரண்டு. முதலாவது பிரிப்பான். மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி இல்லாவிட்டால் `12` என்பது ஒரு கணுவா இரண்டா என்று தெரியாது. மதிப்பு எண்ணாக இல்லாமல் சொல்லாக இருந்து, அதற்குள்ளேயே காற்புள்ளியோ `#`-ஓ வந்தாலும் சரம் குழம்பும். அப்போது ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதிவிடுவது பாதுகாப்பு. இரண்டாவது, சரத்தைப் பட்டியலாக்கி, தலையிலிருந்து `pop(0)` என்று ஒவ்வொன்றாக எடுப்பது. பைத்தான் பட்டியலில் தலையை எடுத்தால் மீதி எல்லாம் ஓரிடம் நகர வேண்டும். 10,000 கணுக்களுக்கு 20,001 உறுப்புகள். மொத்த நகர்வு ஏறக்குறைய 20 கோடி. சிறிய மரத்தில் இது கண்ணுக்கே தெரியாது. மேலே `iter` போட்டிருப்பது அதற்காகத்தான்.

குறியே வேண்டாம் என்கிற வாதம்

குறிகளுக்கு எதிராகச் சொல்லப்படும் மாற்று வழி ஒன்று உண்டு. குறியே இல்லாமல் ப்ரீஆர்டரையும் இன்ஆர்டரையும் தனித்தனியாக எழுதிவைத்தால் மரம் திரும்பக் கிடைக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. மதிப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும் வரை அது உண்மைதான். ப்ரீஆர்டரின் முதல் மதிப்பு வேர்; அது இன்ஆர்டரில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இடமும் வலமும் பிரிந்துவிடும்.

நம் மரத்தில் இதை ஓட்டிப் பாருங்கள். ப்ரீஆர்டர் `5 3 4 8 3`, இன்ஆர்டர் `3 4 5 3 8`. பெரும்பாலானோர் எழுதுவதுபோல ஒவ்வொரு மதிப்பும் இன்ஆர்டரில் எத்தனையாவது இடம் என்று ஓர் அகராதியில் குறித்துவைத்தால், இரண்டாவது 3 வந்து முதல் 3-இன் இடத்தை அழித்துவிடும். இடப்பக்க மரத்தைக் கட்டப் போகும் நிரல், வலப்பக்கத்தில் இருக்கும் 3-இன் இடத்தை எடுத்துக்கொண்டு வழிதவறும். இது நிரலின் குறை, திருத்தலாம் என்று சொல்லலாம். ஆனால் திருத்தவே முடியாத மரமும் உண்டு. வேர் 7, அதற்கு ஒரே கிளை, அதுவும் 7. கிளை இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் இரண்டு வரிசைகளும் `7 7`, `7 7` என்றே வரும். குறியோடு எழுதினால் ஒன்று `7 7 # # #`, மற்றது `7 # 7 # #`. முதல் எடைக்கல்லிலேயே இரட்டை வரிசை முறை தோற்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மதிப்பையும் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது.

குறிகள் வீணா?

"பாதிக்கு மேல் காலியிடத்தைத்தானே எழுதுகிறோம்" என்ற குறை அடிக்கடி கேட்கும். அதை எண்ணிப் பார்த்துவிடலாம். மதிப்புகளை ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: கணு இருந்தால் 1, காலியானால் 0. 10,000 கணுக்களுக்கு 20,001 பிட்டுகள். 10,000 கணுக்கள் எடுக்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை கட்டலான் எண். அத்தனை வடிவங்களையும் ஒன்றுக்கொன்று வேறுபடுத்திக் காட்ட, எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் சுமார் 19,980 பிட்டுகள் தேவை. ஆக வெற்றுக்குறி முறையில் கூடுதலாகப் போவது இருபது பிட்டுகள்தான்.

வீண் இருப்பது வேறிடத்தில். ஒரு பிட்டில் சொல்லக்கூடியதை `#,` என்று இரண்டு பைட்டில் எழுதுகிறோம். 10,001 குறிகளுக்கு 20 கிலோபைட். `null,` என்று எழுதுகிறவர்களுக்கு 50 கிலோபைட். வடிவத்தைப் பிட்டுகளாகத் தனியே வைத்தால் இரண்டரை கிலோபைட்டில் முடிந்துவிடும். கை ஜேக்கப்சன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது ஏறக்குறைய இதுதான்: `2n + 1` பிட்டுகளை லெவல் ஆர்டரில் அடுக்கி, எத்தனை 1-கள் கடந்தன என்று எண்ணியே ஒரு கணுவின் கிளைகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். மரத்தைத் திரும்பக் கட்டாமலேயே சரத்துக்குள் நடமாடலாம். குறிகள் வீண் என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

லெவல் ஆர்டரும் அதன் தள்ளுபடியும்

மட்டம் மட்டமாக எழுதும் லெவல் ஆர்டரும் முதல் எடைக்கல்லில் தேறுகிறது. ஒரு க்யூவில் கணுக்களை வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்கிறவருக்கு இரண்டு உறுப்புகள் என்று பரிமாறிக்கொண்டே போனால் மரம் கிடைத்துவிடும். காலியிடத்துக்குக் கிளை கிடையாது. ஆகவே குறி க்யூவில் நிற்பதில்லை. இதை மறந்து காலியிடத்துக்கும் கீழே இரண்டு காலியிடங்கள் ஒதுக்குகிறவர்கள் ஹீப் அமைப்பின் அணியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வலப்பக்கமே சாய்ந்த முப்பது கணுச் சங்கிலிக்கு அந்த அணியில் 107 கோடி இடங்கள் வேண்டும். க்யூ முறையில் 61 உறுப்புகள் போதும்.

கண்ணால் படிக்கவும் லெவல் ஆர்டரே வசதி. லீட்கோட் போன்ற பயிற்சித் தளங்கள் மரத்தை இப்படித்தான் காட்டுகின்றன. அதுவும் கடைசியில் தொங்கும் குறிகளை வெட்டிவிட்டு. நம் மரம் `5,3,8,#,4,3` என்று ஆறு உறுப்புகளில் முடிந்துவிடும். ப்ரீஆர்டரில் வெட்டினால் மூன்றுதான் மிச்சமாகும், இங்கே ஐந்து.

ஆனால் இந்தத் தள்ளுபடிக்கு ஒரு விலை உண்டு. அது மூன்றாவது எடைக்கல்லில் தெரிகிறது. முழுக் குறிகளோடு எழுதிய சரத்துக்கு ஓர் எளிய தணிக்கை உண்டு. நிரப்ப வேண்டிய இடம் ஒன்று என்று தொடங்குங்கள். மதிப்பு வந்தால் ஒன்று கூட்டுங்கள். குறி வந்தால் ஒன்று கழியுங்கள். நம் ப்ரீஆர்டர் சரத்தில் கணக்கு 2, 3, 2, 3, 2, 1, 2, 3, 2, 1, 0 என்று ஓடுகிறது. பூச்சியம் கடைசி உறுப்பில்தான் வர வேண்டும். முன்னதாக வந்தால் சரத்தில் அதிகப்படி ஏதோ ஒட்டியிருக்கிறது. வராமலே போனால் சரம் அறுந்திருக்கிறது. முழுமையான லெவல் ஆர்டருக்கும் இதே கணக்கு செல்லும். வால் வெட்டிய சரத்துக்குச் செல்லாது. `5,3,8,#,4,3` என்பதில் கடைசி `,3` தொலைந்து `5,3,8,#,4` என்று வந்து சேர்ந்தால், அதுவும் சட்டப்படியான சரமே. ஒரு கணு குறைந்த மரம் சத்தமில்லாமல் கட்டப்படும், யாருக்கும் தெரியாது.

மேலே கொடுத்த நிரலிலும் இந்தத் தணிக்கை பாதிதான் இருக்கிறது. சரம் அறுந்திருந்தால் `next` பிழை எழுப்பும். அதிகப்படி இருந்தால் வாயைத் திறக்காது. கட்டி முடித்தபின் `next(it, None) is None` என்று ஒரு வரி பார்த்துக்கொள்வது நல்லது. அப்போதும் எல்லாச் சிதைவும் பிடிபட்டுவிடாது. சரத்தில் `# 4` என்பது `4 #` என்று இடம் மாறினால் கணக்கு பூச்சியத்தில்தான் முடியும். 4 மட்டும் 3-இன் இடப்பக்கம் போயிருக்கும். அதைப் பிடிக்க செக்சம் போன்ற வெளிக்காவல் வேண்டும். கணக்கில் தேறும் எல்லாச் சரமும் ஏதோ ஒரு மரத்துக்கு உரியதாக இருப்பதன் மறுபக்கம் அது.

போஸ்ட்ஆர்டரை இங்கேயே முடித்துவிடலாம். அதுவும் ஒரே மரத்தையே தருகிறது. பின்னாலிருந்து, வலக்கிளை முதலில் என்று படித்தால் போதும். முன்னாலிருந்து படித்தால்தான் சங்கடம். முதல் உறுப்பே `#`. அதுவே ஒரு முழுமையான வெற்றுமரம். மரம் முடிந்ததா, இன்னும் வருமா என்பது சரம் தீரும் வரை தெரியாது. ஒரே ஓடையில் மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போது இது இடிக்கும்.

ஆழமும் அடுத்தடுத்து இருத்தலும்

ப்ரீஆர்டருக்கு எதிராக உள்ள நியாயமான குற்றச்சாட்டு ஆழம். வரிசைப்படுத்திய எண்களைச் சமன்செய்யாத தேடல் மரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மரம் சங்கிலியாகிவிடும். பைத்தானின் ரிகர்ஷன் எல்லை இயல்பாக 1000. ஆயிரம் கணுச் சங்கிலியிலேயே மேலே உள்ள நிரல் `RecursionError` சொல்லி நிற்கும். லெவல் ஆர்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குற்றம் வரிசையின்மேல் இல்லை, ரிகர்ஷன்மேல். நாமே ஒரு ஸ்டாக் வைத்து, முதலில் வலக்கிளையையும் பிறகு இடக்கிளையையும் அதில் போட்டு எடுத்தால் அதே ப்ரீஆர்டர் சரம் எந்த ஆழத்துக்கும் கிடைக்கும். கட்டும்போதும் இன்னும் கிளை நிரம்பாத கணுக்களை ஸ்டாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஈடாக ப்ரீஆர்டர் தருவது ஒன்று, லெவல் ஆர்டரால் தர முடியாதது. எந்தக் கிளைமரமும் சரத்தில் உடையாமல் ஒரே துண்டாக இருக்கும். 8-இல் தொடங்கும் கிளைமரம் `8,3,#,#,#`. வெட்டி எடுத்தால் அதுவே தனி மரத்தின் சரம். லெவல் ஆர்டரில் 8 மூன்றாவது இடத்திலும் அதன் 3 ஆறாவது இடத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு மரத்துக்குள் இன்னொரு மரம் இருக்கிறதா என்று பார்க்க, சரத்துக்குள் சரம் தேடினாலே போதும் என்பது இந்த வசதியிலிருந்து வருவது. ஓர் எச்சரிக்கை மட்டும்: `12,#,#` என்பதற்குள் `2,#,#` ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னாலும் காற்புள்ளி வைத்து `,12,#,#` என்றும் `,2,#,#` என்றும் எழுதினால்தான் தேடல் பொய் சொல்லாது.

தீர்ப்பு

வடிவத்தைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாத பைனரி மரத்துக்கு, எல்லாக் குறிகளோடும் பிரிப்பானோடும் எழுதிய ப்ரீஆர்டரே முதலிடம் பெறுகிறது. மதிப்புகள் திரும்ப வந்தாலும் அசையாது, அறுந்ததைச் சொல்லிவிடும், கிளைமரத்தைத் துண்டாகக் கையில் தரும். முழுக் குறிகளோடு உள்ள லெவல் ஆர்டர் அதற்கு அடுத்து, மனிதர் கண்ணால் பார்க்கும் இடங்களுக்கு. வால் வெட்டிய வடிவம் சோதனைக் கணக்குகளை எழுதிக்காட்ட மட்டும். கோப்பில் சேமிக்கவோ கம்பியில் அனுப்பவோ அல்ல. இரட்டை வரிசை முறை தேர்வுத்தாளோடு நிற்கட்டும்.

இந்தத் தீர்ப்புக்கு எல்லையும் அதே அளவுகோலிலிருந்தே வருகிறது. மதிப்புகள் வெவ்வேறாக உள்ள தேடல் மரம் என்று முன்பே தெரிந்தால், சிறியது இடம், பெரியது வலம் என்ற விதியே வடிவத்தைச் சொல்லிவிடும்; குறியில்லாத ப்ரீஆர்டர் போதும். ஹீப் போல மட்டங்கள் இடைவெளி இல்லாமல் நிரம்பிய மரம் என்றால் வெறும் அணி போதும். அங்கெல்லாம் குறி எங்கே வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி, எழுத வேண்டியதில்லை.

இளைஞரிடம் நான் நீளமாக எதுவும் விளக்கவில்லை. `7 7` மரங்கள் இரண்டையும் தாளில் வரைந்து, இரண்டுக்கும் அவர் முறையில் சரம் எழுதச் சொன்னேன். `# 7 # 7 #` என்று முதலாவதை எழுதினார். இரண்டாவதை எழுதத் தொடங்கி, நடுவிலேயே பேனாவை வைத்துவிட்டார்.